“வேறு இடத்தில் பேசலாமா?” – பதின்ம வயதுப் படைப்பாளிக்கு அந்நியர்கள் அனுப்பும் தனிச்செய்திகளைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

ஓவியமோ அனிமேஷனோ கணக்குப் பாடமோ வீடியோவாகப் போடும் ஒரு 15 வயதுப் பிள்ளையைச் சில ஆயிரம் பேர் பின்தொடரத் தொடங்கியதும் இன்பாக்ஸின் நிறமே மாறிவிடும். அதுவரை வகுப்புத் தோழர்கள் மட்டும் எழுதிய இடத்தில், பெயர் தெரியாதவர்கள் எழுதுவார்கள். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள், ஒரு வரி பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேரை எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் கேள்வி.

ஆபாசமாகவோ முரட்டுத்தனமாகவோ வரும் செய்தியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அதை எந்தப் பிள்ளையும் அந்த நிமிடமே பிளாக் செய்துவிடும். கவலை தருவது மரியாதையாக, வேலையை உண்மையாகவே கவனித்துப் பார்த்தவர் எழுதியதுபோல் வரும் செய்தி. அதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைச் சொல்லின் இனிமையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஓர் அடையாளம் ஏறக்குறைய எப்போதும் வந்துவிடும்: சில நாட்களில் அவர் பேச்சை வேறு செயலிக்கு நகர்த்தப் பார்ப்பார். அந்தக் கோரிக்கையைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி. படைப்பாளியான உங்களுக்காகவே எழுதியிருக்கிறேன்; வீட்டுப் பெரியவர் ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் நல்லது.

முதல் படி: பிறந்த ஆண்டைச் சரிசெய்தல்

விசித்திரமான தொடக்கமாகத் தோன்றலாம். ஆனால் பெரிய தளங்கள் சிறார்களுக்குத் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் கணக்கில் நீங்கள் கொடுத்த பிறந்த தேதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. டிக்டாக்கில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தனிச்செய்தி வசதியே கிடையாது. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய பதின்வயதினர் கணக்குகளில், நீங்கள் பின்தொடர்பவர்களும் ஏற்கெனவே உங்களோடு தொடர்பில் உள்ளவர்களும் மட்டுமே உங்களுக்குச் செய்தி அனுப்ப முடியும். 16 வயதுக்குக் கீழ் என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். பன்னிரண்டு வயதில் கணக்குத் தொடங்குவதற்காக வயதை மிகவும் கூட்டிப் போட்டவர்களுக்கு இவை கிடைக்காமல் போகலாம். தளத்தின் கண்ணில் அவர்கள் பெரியவர்கள்.

அடுத்து, அந்நியர்கள் உங்களுக்கு எழுத ஒரே ஒரு முகவரியை ஏற்படுத்துங்கள். பெற்றோரில் ஒருவரோடு சேர்ந்து திறந்த, இருவரும் தங்கள் போனில் பார்க்கக்கூடிய ஒரு மின்னஞ்சல் போதும். பள்ளியின் பெயர், பிறந்த ஆண்டு, முழுப்பெயர் எதுவும் அந்த முகவரியில் வரக் கூடாது. அதைப் பக்கத்தின் அறிமுகத்தில் போட்டுவிடுங்கள். யூடியூப் தன் தனிச்செய்தி வசதியை 2019-லேயே எடுத்துவிட்டதால், அங்கிருந்து உங்களைத் தேடுகிறவர்களுக்கும் இதுவே வழி. இந்த முகவரி இல்லாவிட்டால் பின்னால் வரும் படிகள் பலவும் நிற்காது. ஏனென்று நான்காம் படியில் தெரியும்.

மற்ற அமைப்புகள் சில நிமிட வேலைதான். டெலிகிராமில் உங்கள் எண்ணை யாரும் பார்க்க முடியாதபடியும், எண்ணை வைத்து உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே உங்களைக் கண்டுபிடிக்க முடியும்படியும் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களைக் குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள். டிஸ்கார்டில் ஒரே சர்வரில் இருக்கிறார் என்பதற்காக எவரும் நேரடியாகச் செய்தி அனுப்புவதை நிறுத்துங்கள். ஸ்னாப்சாட்டில் வரைபடத்தில் உங்கள் இருப்பிடம் தெரியாதபடி செய்யுங்கள்.

இரண்டாம் படி: ஏற்காமல் படித்தல்

அந்நியரின் முதல் செய்தி பெரும்பாலான தளங்களில் கோரிக்கைகள் என்ற தனிப் பகுதியில்தான் விழும். இன்ஸ்டாகிராமில் அது Message requests என்று இருக்கும். ஏற்பதற்கு முன் அங்கேயே திறந்து படிக்கலாம். நீங்கள் ஏற்கும்வரை, பார்த்தீர்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. அவசரமே இல்லை என்பதை இந்த ஓர் ஏற்பாடே உறுதி செய்கிறது. ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும்.

படித்த பிறகு அவருடைய பக்கத்தைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் பல கணக்குகளுக்கு, பக்கத்தின் மூன்று புள்ளிகளைத் தொட்டால் About this account என்ற பகுதியில் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்று காட்டும். பத்து ஆண்டு அனுபவம் உள்ள தயாரிப்பாளர் என்கிறவரின் கணக்கு போன மாதம் தொடங்கப்பட்டிருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. முகப்புப் படத்தைப் படத்தேடலில் போட்டுப் பார்க்கலாம். வேறொருவரின் படம் என்று தெரிந்தால் விஷயம் முடிந்தது. எதுவும் கிடைக்காவிட்டால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. நல்லவர் என்ற சான்றாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகள் மிக அதிகமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் “உங்கள் நண்பர்கள் மூவர் இவரைப் பின்தொடர்கிறார்கள்” என்று காட்டும்; மனம் உடனே தளர்ந்துவிடும். திட்டத்தோடு வருகிறவர் உங்களுக்கு எழுதுவதற்கு முன்பே உங்கள் பின்தொடர்பவர் பட்டியலைத் திறந்து, வகுப்புத் தோழர்கள்போல் தெரிகிற பதினைந்து இருபது பேரைப் பின்தொடர்வார். அவர்களில் மூவர் யோசிக்காமல் திரும்பப் பின்தொடர்ந்தால் போதும், பொதுவான நண்பர்கள் தயார். ஆகவே அந்த மூவரில் ஒருவரைக் கூப்பிட்டு “இவரை நேரில் பார்த்திருக்கிறாயா?” என்று கேளுங்கள். “தெரியும்” என்ற பதில் போதாது. எங்கே எப்போது பார்த்தான் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: செய்தி எதைக் கேட்கிறது என்று பார்த்தல்

நான் வைத்திருக்கும் சோதனை எளியது. இதே கேள்வியை அவர் வீடியோவின் கீழே எல்லோரும் பார்க்கும்படி கேட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்குமா? எந்த பிரஷ், எந்தச் செயலி, அடுத்த பகுதி எப்போது என்பவை பொருந்தும். அவற்றுக்கு ஒரு வரி நன்றியோடு பதில் எழுதலாம். கருத்துப் பகுதியிலேயே பதில் சொன்னால் இன்னும் நல்லது. வீட்டில் தனியாக இருக்கிறாயா, எந்தப் பள்ளி, இப்போது படுக்கையில் இருக்கிறாயா, உன் போனை யாராவது பார்ப்பார்களா என்பவை பொருந்தாது. இவற்றில் கடைசிக் கேள்வியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கலையில் ஆர்வம் உள்ள ஒருவருக்கு உங்கள் போனை யார் பார்க்கிறார்கள் என்பது தெரிய வேண்டிய தேவையே இல்லை. அது வந்த நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டுப் பெரியவரிடம் காட்டலாம்; மேற்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

நான்காம் படி: இடம் மாறச் சொல்லும்போது

முதலில், ஏன் மாறச் சொல்கிறார் என்பதைப் புரிந்துகொள்வோம். முதல் படியில் சொன்ன பாதுகாப்புகள் எல்லாம் அந்தந்தத் தளத்தோடு நின்றுவிடுபவை. வேறு செயலிக்குப் போனதும் அவை பின்தங்கிவிடும். அங்கே உங்கள் வயது யாருக்கும் தெரியாது, உங்கள் பெற்றோரின் மேற்பார்வையும் இல்லை. போன் எண்ணைக் கொடுத்தால் அதைத் திரும்ப வாங்க முடியாது. பயனர்பெயரை மாற்றலாம், கணக்கை மூடலாம். எண் பல ஆண்டுகள் கூடவே இருக்கும், எண்ணைப் போட்டால் பெயரைக் காட்டும் செயலிகளும் உண்டு. பல செயலிகளில் செய்திகள் தாமாக மறையும்படி வைக்கலாம் என்பதால், பின்னால் காட்டச் சான்று எதுவும் மிஞ்சாது.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. இடம் மாறும் அந்தச் செயல்தான் உங்களுக்கும் அவருக்கும் இடையிலான முதல் ரகசியம். அது மிகச் சிறியது. ஒரு செயலியைப் போட்டுக்கொண்டீர்கள், வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரம் அவர் ஏதாவது சங்கடமாகக் கேட்டால், வீட்டில் சொல்வதற்கு முன் அந்த முதல் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். “ஏன் அங்கே போனாய்?” என்ற கேள்விக்குப் பயந்து பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பிள்ளையின் அந்தத் தயக்கம்தான் அவருக்கு வேண்டியது. பின்னால் வரும் மிரட்டல்கள் பலவும் இதைப் பிடித்துக்கொண்டே ஏறுகின்றன.

சொல்லும் காரணங்கள் பல வகை. இங்கே அறிவிப்பு வருவதில்லை. என் கணக்கை நாளை மூடப்போகிறார்கள். படிவத்தை இங்கே அனுப்ப முடியாது. எங்கள் குழுவில் எல்லோரும் டெலிகிராமில்தான் இருக்கிறார்கள். இன்று இரவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். இவற்றில் சில உண்மையாகவே இருக்கலாம். அதனால் காரணத்தோடு வாதாடாதீர்கள். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையே அல்ல. உங்களிடம் ஒரு முகவரி இருக்கிறது, அதைக் கொடுங்கள்:

“வணக்கம். நான் வேறு செயலிகளில் பேசுவதில்லை. வேலை தொடர்பாக என்றால் என் பக்கத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். அதை அம்மாவும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். நன்றி.”

இதில் ஒரு சொல்லையும் கூட்ட வேண்டாம். போன் பழுது என்று எழுதினால் நாளை சரியாகிவிட்டதா என்று கேட்பார். அம்மா விடமாட்டார் என்று எழுதினால், அம்மாவுக்குத் தெரியாமல் எப்படி என்று சொல்லித் தருவார். உங்களுக்கு விருப்பம் இருக்கிறது, தடை மட்டும்தான் வெளியே இருக்கிறது என்று அவர் புரிந்துகொள்வார். “சேர்ந்து பார்க்கிறோம்” என்பதில் அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. வேலை நடக்கும் முறை அது.

அனுப்பிய பிறகு வரும் பதில்தான் அவரைக் காட்டிக்கொடுக்கும். உண்மையில் வேலை இருப்பவர் “சரி” என்று மின்னஞ்சல் எழுதிவிடுவார். ஒரு பெரியவர் உடன் இருப்பது அவருக்கும் வசதிதான். சிறாரோடு ஒப்பந்தம் என்றால் பெற்றோரின் கையெழுத்து அவருக்கு எப்படியும் வேண்டும். வேறு நோக்கம் உள்ளவர் மறைந்துவிடுவார், அல்லது மனம் புண்பட்டதாகக் காட்டுவார், அல்லது திரும்பக் கேட்பார். தெளிவான பதிலுக்குப் பிறகு இரண்டாவது முறை கேட்டால் அங்கேயே முடித்துவிடுங்கள். மூன்றாவது வாய்ப்பு கொடுக்க நினைப்பது நல்ல மனத்தின் அடையாளம்தான். ஆனால் அதை வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உரையாடல், அருகிலிருந்து

இத்தகைய உரையாடல்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களை ஒன்றாகக் கோத்து இந்த உதாரணத்தை அமைத்திருக்கிறேன். களிமண் பொம்மைகளை அசைத்துப் படம் எடுக்கும் 15 வயதுப் பெண் ஒருத்தி. ஒரு குறும்பட விழாவின் ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் எழுதுகிறார்.

முதல் நாள்: “உங்கள் பூனை கதவைத் திறக்கும் காட்சியை நான்கு முறை பார்த்தேன். வால் நிற்கும் விதம் அருமை. நொடிக்கு எத்தனை படங்கள் எடுத்தீர்கள்?” இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கருத்துப் பகுதியிலும் கேட்டிருக்கலாம். அவள் பதில் எழுதுகிறாள்: “நன்றி. நொடிக்கு 12 படங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓடவிட்டேன்.”

மூன்றாம் நாள்: “இவ்வளவு பொறுமை இருக்கிறதே, உங்களுக்கு என்ன வயது?” அவள் சொல்லிவிடுகிறாள். பெரிய தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் “பள்ளி மாணவி” என்பதே போதுமானதாக இருந்திருக்கும். நான்காம் நாள்: “இரவில்தான் படம் எடுப்பாயா? வீட்டில் யாராவது உதவுவார்களா, தனியாகத்தானா?” முதல் நாள் நீங்கள் என்று எழுதியவர் நீ என்று இறங்கிவிட்டார், கேள்வியும் பூனையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. நடந்ததைத் திரும்பிப் பார்த்தால் பேச்சு திசை மாறியது இங்கேதான், இடம் மாறச் சொன்னபோது அல்ல.

ஆறாம் நாள் இரவு 9 மணிக்கு: “விழாவில் இளையோர் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நாளை மாலைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். டெலிகிராமுக்கு வா, படிவம் பெரியது.” அவள் நான்காம் படியில் உள்ள அந்தப் பதிலை அனுப்புகிறாள். பதில் இரண்டு நிமிடத்தில்: “அம்மாவா? உன்னை ஒரு கலைஞராக நினைத்துப் பேசினேன். மற்றவர்கள் யாரும் இப்படிச் சொன்னதில்லை.” அவள் எதுவும் எழுதவில்லை. பத்து நிமிடம் கழித்து: “சரி, பரவாயில்லை. உன் எண்ணைக் கொடு, நானே அம்மாவிடம் பேசி அனுமதி வாங்குகிறேன்.”

இந்தக் கடைசி வரி நன்றாக யோசித்து எழுதப்பட்டது. கேட்டால் பொறுப்பான பெரியவர் பேசுவதுபோல் இருக்கும். அம்மாவிடம் பேச வேண்டியவருக்கு அம்மா பார்க்கும் மின்னஞ்சல் ஏற்கெனவே தரப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் கேட்டது மகளின் எண்ணை.

அவளும் அம்மாவும் மறுநாள் செய்தது இவ்வளவுதான். அவர் அனுப்பிய இணைப்பு எதையும் தொடாமல், விழாவின் இணையதளத்தைத் தாங்களாகவே தேடித் திறந்தார்கள். அங்கிருந்த தொடர்பு முகவரிக்கு அம்மா எழுதினார்: இந்தப் பெயரில், இந்தப் பயனர்பெயரில் உங்களிடம் யாராவது இருக்கிறார்களா, இளையோர் பிரிவுக்குப் பெயர் கொடுப்பது எப்படி? அப்படி ஒருவர் இல்லை, பதிவு முழுவதும் இணையதளத்தில்தான் என்று பதில் வந்தது. பதில் வராமலே போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. தெளிவான பதிலுக்குப் பிறகும் அவர் திரும்பக் கேட்டுவிட்டார்.

ஐந்தாம் படி: படம், புகார், பிளாக் – இந்த வரிசையில்

கோபத்தில் பலர் முதலில் பிளாக் செய்துவிட்டு, உரையாடலையும் அழித்துவிடுகிறார்கள். பிறகு காட்டுவதற்கு எதுவும் இருக்காது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: தேதியும் நேரமும் தெரியும்படி செய்திகள், அவருடைய பக்கம், பயனர்பெயர். பக்கத்தின் இணைப்பையும் நகலெடுத்து வையுங்கள். மேலே பெரிதாகத் தெரியும் பெயரை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிறகு உரையாடலுக்கு உள்ளே இருந்தபடியே புகார் செய்யுங்கள். உதாரணமாக வாட்ஸ்அப்பில் புகார் செய்தால், அவரிடமிருந்து கடைசியாக வந்த ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். முன்பே அழித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். யார் புகார் செய்தார்கள் என்று அவருக்குச் சொல்லப்படாது. கடைசியில் பிளாக். இன்ஸ்டாகிராமில் அந்த ஆளின் மற்றக் கணக்குகளையும் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் தேர்வு இருக்கிறது, அதையே எடுங்கள். முழுமையாகத் தடுக்காது, ஆனால் அவருக்கு வேலை கூடும்.

ஒரு விதிவிலக்கு, மிக முக்கியமானது. அவர் அனுப்பியதிலோ நீங்கள் அனுப்பியதிலோ 18 வயதுக்கு உட்பட்ட யாருடைய நிர்வாணப் படமாவது இருந்தால், அதைச் சான்றுக்காகக்கூட ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ வேறு யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். பல நாடுகளில் அதை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம். உரையாடலை அழிக்காமல் போனிலேயே விட்டு, போலீசிடம் நேரில் காட்டுங்கள்.

ஏற்கெனவே போய்விட்டிருந்தால்

எண்ணைக் கொடுத்துவிட்டீர்கள், இரண்டு வாரமாக அங்கேதான் பேச்சு என்றால், திரும்பி வரலாம். விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்; “இனி இங்கே பேசமாட்டேன்” என்ற வரிகூடக் கட்டாயம் இல்லை. செய்திகள் மறையும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அது 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று இருக்கும். 24 மணி நேரம் என்றால் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்தாக வேண்டும். பிறகு இரண்டு இடத்திலும் அதே வரிசை. அடுத்த சில நாட்களில் போனுக்கு ஏதாவது சரிபார்ப்பு எண் வந்தால் யாருக்கும் சொல்லாதீர்கள். எண் தெரிந்தவர் உங்கள் கணக்கைப் பிடிக்க முயல்வது வழக்கம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை அன்றே போட்டுவிடுங்கள்.

மிரட்டல் தொடங்கியிருந்தால் வேகம் வேண்டும். பொதுவாக உங்கள் பின்தொடர்பவர் பட்டியலின் படத்தை அனுப்பி, பத்து நிமிடத்தில் பணமோ இன்னொரு படமோ வராவிட்டால் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன் என்பார். அந்தக் கெடு உங்களை யாரிடமும் பேசவிடாமல் செய்வதற்காகத்தான். பணம் கொடுக்காதீர்கள், கொடுக்கிறவர் என்று தெரிந்ததும் அடுத்த தொகை கேட்பார்கள். இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். உங்கள் கணக்கை மூடிவிடாதீர்கள், சான்று அதில்தான் இருக்கிறது. அந்த மணி நேரத்துக்குள் ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டு, போலீசையோ உங்கள் நாட்டின் சிறார் உதவி எண்ணையோ அழையுங்கள். பணத்துக்காக நடக்கும் இந்த மிரட்டலில் அதிகம் சிக்குகிறவர்கள் 14 முதல் 17 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சொல்கிறது. ஆகவே “பையன்தானே, அவனுக்கு என்ன” என்று எந்த வீட்டிலும் நினைக்க வேண்டாம்.

படம் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஓரளவு தீர்வு உண்டு. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களுக்காக takeitdown.ncmec.org என்ற இலவசச் சேவை இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிடப்பட்ட ஓர் எண்வரிசை மட்டும் போகும். சேர்ந்துள்ள தளங்களில் அதே படம் ஏற்றப்பட்டால் அந்த எண்வரிசையை வைத்து அடையாளம் காண்பார்கள். வரம்புகளும் உண்டு: படம் உங்களிடம் இருக்க வேண்டும், சேராத தளங்களில் இது செல்லாது, முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்ட தனி உரையாடல்களுக்குள் எட்டாது.

உண்மையான நட்பு கேட்கும்போது

இதுதான் கடினமான பகுதி; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களைப்போலவே வீடியோ போடும் பிள்ளைகள் உண்மையிலேயே டிஸ்கார்டில் குழு வைத்திருக்கிறார்கள். அங்கே சேராவிட்டால் நிறைய இழப்பீர்கள். எல்லாவற்றுக்கும் மறுப்பு என்றால் பிள்ளைகள் விதியையே தூக்கி எறிந்துவிடுவார்கள். எனவே போகலாம், ஆனால் எண்ணைக் கொடுக்காமல் பயனர்பெயரோடு, வீட்டில் தெரிந்து, குழு உரையாடலுக்கு மட்டும். குழுவிலிருந்து ஒருவர் தனியாக இழுத்தால் அது புதிய அந்நியரின் கோரிக்கைதான்; நான்காம் படி மீண்டும் தொடங்கும். வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்துவிட்டேன் என்பது முழுச் சான்று ஆகாது. பழைய பதிவை ஓடவிடவும், உங்களைப் பதிவு செய்யவும் முடியும்.

வீட்டில் செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம்

பெற்றோருக்கு ஒன்று. திட்டத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வரி ஒன்று உண்டு: “வீட்டில் தெரிந்தால் உன் போனைப் பிடுங்கிவிடுவார்கள், சேனலை மூடிவிடுவார்கள்.” உங்கள் வீட்டில் அது உண்மையாக இருந்தால் நீங்கள் அவருக்காக வேலை செய்கிறீர்கள். எனவே எதுவும் நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: எந்தச் செய்தியை எப்போது காட்டினாலும், நீ என்ன பதில் எழுதியிருந்தாலும், அதற்காகப் போனையோ சேனலையோ எடுக்கமாட்டேன். சொன்ன பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் சிரமம். முதல் முறை காட்டும்போது முகம் மாறாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து கோரிக்கைகள் பகுதியை மட்டும் திறந்து பாருங்கள். நண்பர்களோடு பேசும் உரையாடல்கள் பிள்ளையின் சொந்த விஷயம். அவற்றுக்குள் போக வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, பயனர்பெயர், பக்கத்தின் இணைப்பு, என்ன கேட்டார், என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிளாக் செய்யப்பட்டவர் சில வாரங்களில் வேறு பெயரில், பெரும்பாலும் “உன் நண்பர் சொல்லித்தான் வந்தேன்” என்று திரும்பி வருவார். அவர் எதைப் பாராட்டினார், எந்தக் கெடுவை வைத்தார், எங்கே வரச் சொன்னார் என்பவை பழைய வரியோடு ஒத்துப்போனால், புதிய புகாரில் பழைய பயனர்பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்; போலீசிடம் போக நேர்ந்தால் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.